பூட்டுப் போடும் வீடியோவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

இயந்திரத்தில் கைவைக்கும் முன் யாரும் அதை ஓட்டிவிடாதபடி பூட்டுப் போடுவது எப்படி என்று காட்டும் வீடியோ ஒருவழியாக முடிந்துவிட்டது. மேஜையில் உட்கார்ந்து நான் எழுதிய ஷாட் லிஸ்டை நீங்கள் தொழிற்கூடத்தில் நின்று திருத்தவில்லை என்றால், அது பார்க்க அழகாக இருந்து தவறாகச் சொல்லிக்கொடுக்கும் படமாகப் போயிருக்கும், அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஃபிட்டர் அண்ணனுக்கு. பெட்டியைத் தூக்கி வைக்கும் அந்த இயந்திரத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டு, டேக் போடுவது ஒரு ஷாட், அடுத்த ஷாட்டில் கையை உள்ளே விட்டு வேலை என்று எழுதியிருந்தேன். நீங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, "கரண்ட் போயிடுச்சு சார், காத்து எங்க போச்சு?" என்று கேட்டீர்கள். மேலே நிற்கும் இயந்திரக் கையைத் தாங்கிப் பிடித்திருப்பதே சிலிண்டரில் இருக்கும் காற்றுதான். அதை அப்படியே விட்டுவிட்டு வேலை செய்வதும் ஆபத்து, யோசிக்காமல் வெளியேற்றினால் கை தடாலென்று கீழே விழும். அதனால் இரண்டு ஷாட்டுக்கு நடுவே நான்கு புது ஷாட் வந்தன: வெளியே பக்கவாட்டில் நின்றபடியே தாங்கு பின்னைச் செருகுவது, காற்று வால்வை மூடி அதற்கும் பூட்டுப் போடுவது, மிச்சக் காற்றை வெளியேற்றுவது, கேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு வருவதை நெருக்கமாகக் காட்டுவது. நான் படம்பிடிக்கப் போன கேஜ் வால்வுக்கு முந்தியது, அதில் முள் இறங்கவே இறங்காது என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். வால்வுக்குப் பிந்திய கேஜைத்தான் எடுத்தோம்.

எலெக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் ஷாட்டை, ஒன்றுமே நடக்கவில்லையே என்று எடிட்டிங்கில் வெட்டப் பார்த்தேன். ஒன்றும் நடக்காததைக் காட்டத்தானே அந்த ஷாட்! பட்டனில் இருக்கும் விரலும் அசையாத இயந்திரமும் ஒரே சட்டகத்தில் தெரிய, வெட்டே இல்லாமல் ஐந்து விநாடி விட்டோம், அப்புறம் ஸ்விட்சை மறுபடி ஆஃப் நிலைக்குக் கொண்டுவருவதையும் சேர்த்தோம்.

ஆபரேட்டர் அக்கா, எதிரே நின்று எடுத்தால் இடது வலது மாறிப்போகும், என் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள் என்றீர்கள். பார்ப்பவர் தன் கையையே பார்ப்பது போல வந்திருக்கிறது. ஒன்பது முறை எடுத்தோம், ஒவ்வொரு முறையும் பூட்டை நிஜமாகவே போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டீர்கள், நடிப்புக்கென்று ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த லைனை அரை நாள் நிறுத்தித் தந்த சூப்பர்வைசர் ஐயாவுக்கும் நன்றி. திருத்திய ஷாட் லிஸ்டை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன், விட்டுப்போனது ஏதாவது கண்ணில் பட்டால் அதிலேயே எழுதுங்கள், மறுபடி வந்து எடுக்கிறேன்.