குமாருக்கு, அப்பாவின் ஈரலைப் பற்றி

அன்பு மகன் குமாருக்கு,

அப்பா வீடு வந்துவிட்டார். போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால் எழுதுகிறேன். அக்காள் பிரசவத்துக்கு நான் கோலாலம்பூர் போனதும் பினாங்கு வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போவது நீதான்.

வயிறு வீங்கியது வேறு, காமாலை வேறு, இரத்த வாந்தி வேறு என்று பெரியம்மா நினைக்கிறார். மூன்றும் ஒரே ஈரலின் வேலை, ஐயா. வருஷக்கணக்கில் குடித்ததில் ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது. குடலிலிருந்து வரும் இரத்தம் அதற்குள் நுழைய முடியாமல், லொங்காங் அடைத்த மழைத்தண்ணீர் அஞ்சடிக்கு ஏறுவதுபோல, பக்கத்துக் குழாய்களில் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில்தான் வயிற்றுக்குள் நீர் கசிகிறது. அதே அழுத்தத்தில்தான் உணவுக்குழாயின் அடியில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் புடைத்து வெடிக்கின்றன.

வெடிக்கும்போது வலியே இருக்காது. அதுதான் எனக்குப் பயம். வாந்திக்கு முந்தின நாளே அவருக்கு மலம் தார் மாதிரி கறுப்பாய், பிசுபிசுப்பாய், கெட்ட நாற்றத்தோடு போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் இரவு பேசினுக்குள் சிவப்பாய், கட்டி கட்டியாய்க் கக்கினார். நீ தினமும் கூச்சப்படாமல் மலத்தின் நிறத்தைக் கேள். கறுப்பென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, நேராக அவசரப் பிரிவு. வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தால் 999க்கு அடித்து, ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதுவும் கொடுக்காதே.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அந்த இரத்தக் குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். ஒரு தடவையில் முடியாது. சில வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, புடைப்பு அடங்கும்வரை போட வேண்டும். புரோப்ரனலால் மாத்திரை அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். தலைசுற்றினால் டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே.

வயிற்று நீர் 6 லிட்டர் எடுத்தார்கள். இவ்வளவு எடுத்தால் இரத்த ஓட்டம் குலைந்துவிடும் என்று அல்புமின் என்ற புரதத்தை ஏற்றினார்கள். எடுத்தாலும் திரும்ப ஊறும். அதனால் தினமும் காலையில் கழிப்பறை போய் வந்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வை. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உப்பு அதிகமுள்ள சம்பல் பெலாச்சான், கருவாடு, கிச்சாப், மேகி வேண்டாம். முட்டையும் மீனும் தாராளமாய்க் கொடு, கை கால் சதை எல்லாம் கரைந்துபோயிருக்கிறது. காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் அந்த நீரில் கிருமி சேர்ந்திருக்கலாம்; அன்றைக்கே கூட்டிப் போ. பகலெல்லாம் தூங்கினாலோ பேச்சு குழறினாலோ அப்போதும் அன்றைக்கே கூட்டிப் போ.

பெரியம்மா கீழாநெல்லிச் சாறு கொண்டு வருவார். அன்பாய்த்தான் தருகிறார், மரியாதையாய் வாங்கி வைத்துக்கொள், கொடுக்காதே. கண்ணின் மஞ்சள் தழும்பேறிய ஈரலிலிருந்து வருகிறது, சாறு அதைக் கரைக்காது. மூட்டு வலிக்கு பார்மசியில் அவராக வாங்கும் ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் இரண்டும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. இரத்தக்கசிவைத் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் வாசலில் கூப்பிடுவார்கள். ஒரு கிளாஸ் பீர்கூட கூடாது என்று நீயே வெளியே போய்ச் சொல்லிவிடு. அடுத்த வளையம் போடும் தேதி ஃபிரிட்ஜ் மேலுள்ள அட்டையில் இருக்கிறது. அன்று காலையில் பட்டினியாகத்தான் கூட்டிப் போக வேண்டும்.

அன்புடன்,
அம்மா