ரஜாய் வேண்டாம் அம்மா

ஒட்டாவா
டிசம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜனவரியில் இங்கே வரும்போது என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டிருந்தாய். பெட்டியில் பாதி இடத்தை அந்தக் கனத்த பஞ்சுப் போர்வைக்கு, ரஜாய்க்கு, ஒதுக்கியிருப்பதாக அப்பா சொன்னார். தயவுசெய்து அதை டெல்லி மயூர் விஹார் வீட்டிலேயே விட்டுவிட்டு வா. வெளியே மைனஸ் 15 என்றால் ராத்திரி எப்படித் தூங்குவது என்ற பயம் நியாயம்தான். ஆனால் இங்கே தூக்கத்தைக் கெடுப்பது குளிர் இல்லை, சூடும் வறட்சியும்தான்.

டெல்லி வீட்டில் ஜனவரி ராத்திரி அறைக்குள்ளேயே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். சுவரிலும் ஜன்னலிலும் குளிரைத் தடுக்க ஒன்றும் கிடையாது. அந்த அறைக்கு மூன்று நான்கு கிலோ பஞ்சு ரஜாய் சரியான அளவு. இங்கே தரைத்தளத்துக்குக் கீழே ஒரு ஃபர்னஸ் இருக்கிறது. அது காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். பகலில் 20, 21 டிகிரி, ராத்திரி 18 என்று சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் வைத்திருக்கிறோம். வயதானவர்களுக்கு 18க்குக் கீழே வேண்டாம்.

18 டிகிரி அறையில் உன் ரஜாயைப் போர்த்தினால் முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருக்கும். தூக்கம் பிடிக்கும்போது உடம்பு தன் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பின்கழுத்து ஈரமாக விழிப்பு வரும். போர்வையை உதறுவாய், வியர்வை காய்ந்து குளிரும், மறுபடி இழுத்துப் போர்த்துவாய், விடியும்வரை இதே கதை. 'குளிரில் தூக்கமே இல்லை' என்று சொல்கிறவர்களில் பலருக்கும் நடப்பது இதுதான். பஞ்சு வியர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும் என்பது வேறு. அங்கே மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்துவிடுவாய், இங்கே ஜனவரியில் அந்த வெயிலுக்கு எங்கே போவது?

அதனால் கட்டிலில் ஃபிளானல் விரிப்பு, அதன்மேல் எடை குறைந்த ஒரு குவில்ட், கால்மாட்டில் மடித்த கம்பளி ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். குளிர்ந்தால் கம்பளியை இழுத்துக்கொள், புழுங்கினால் தள்ளிவிடு. உங்கள் இருவருக்கும் குவில்ட் தனித்தனி. அப்பாவுக்கு எப்போதும் உன்னைவிட ஒரு போர்வை குறைவாகத்தானே வேண்டும்! பாதம் சில்லிட்டிருந்தால் தூக்கம் வர நேரமாகும், படுக்கும்போது காலுறை போட்டுக்கொள். ஆனால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுக்காதே.

எலக்ட்ரிக் பிளாங்கெட் பற்றிக் கேட்டிருந்தாய். உனக்கு ஒன்று இருக்கிறது, மெத்தைக்கு மேலே, விரிப்புக்குக் கீழே போடும் வகை. படுப்பதற்கு அரை மணி முன்னால் நடு அளவில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறும்போது அணைத்துவிட வேண்டும். படுக்கையின் சில்லிப்பு போனால் போதும், பிறகு உன் உடம்புச் சூடே காக்கும். அது ஓடும்போது மேலே பெட்டியோ மடித்த போர்வைக் குவியலோ வைக்கக் கூடாது. சூடு போக இடமில்லாமல் அந்த இடம் மட்டும் கொதிக்கும். மடித்துவைத்தால் மடிப்பில் உள்ளே இருக்கும் கம்பி நைந்துவிடும், அதனால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். சீசனில் முதல் தடவை எடுக்கும்போது தட்டையாக விரித்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்ப்பேன். ஓரிடம் மட்டும் மற்றதைவிடச் சுட்டாலோ, துணியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தைத்துச் சரிசெய்கிற சாமான் இல்லை அது.

அப்பாவுக்கு அது வேண்டாம். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? 44 டிகிரி கைக்கு இதமான சூடாகத்தான் தெரியும். அதே சூடு ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். உணர்வு இருக்கிறவர்கள் தூக்கத்திலேயே காலை நகர்த்திக்கொள்வார்கள், அப்பாவுக்குத் தெரியாது. வெந்நீர்ப் பைக்கும் இதே விதிதான்.

திரும்பும்போது டெல்லிக்கு ஒன்று வாங்கிப் போகலாமா என்றாயே, கூடவே கூடாது. இங்கே கரண்ட் 120 வோல்ட், அங்கே 230. இங்கத்திய பிளாங்கெட்டை அங்கே செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடு கிளம்பும். பிளக்கின் பின்னை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. அங்கேயே ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அப்பாவின் அடுத்த கேள்வி, கதவை மூடிக்கொண்டு ஹீட்டர் போட்டால் மூச்சு முட்டாதா என்பது. அறைக்குள் அங்கீட்டி என்ற கரி அடுப்பை வைத்துத் தூங்கி உயிர் போகும் செய்தி அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறதே, அந்தப் பயம். இந்த ஃபர்னஸில் எரிவாயு தனி அறையில் எரிந்து, புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், நமக்கு வருவது சூடான காற்று மட்டும். இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறை வாசலில் மாட்டியிருக்கிறது. அது அலறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காராதே, எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தொண்டை வறட்சிக்குக் காரணம் வேறு. ஹீட்டர் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மைனஸ் 15ல் ஒரு கன மீட்டர் காற்று ஒன்றரை கிராம் ஈரம்தான் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்கு வந்தால் 17 கிராம் தாங்கும். ஈரம் கூடவில்லை, கொள்ளளவு மட்டும் கூடிவிட்டது. சமையலும் குளியலும் நம் மூச்சும் சேர்ந்தும் மீட்டரில் ஈரப்பதம் 15, 20 சதவீதம்தான் காட்டும். மூக்கு காய்ந்து காலையில் ரத்தம் எட்டிப்பார்ப்பது இதனால்தான்.

உங்கள் அறை சுமார் 30 கன மீட்டர். ஈரப்பதத்தை 15 சதவீதத்திலிருந்து 35 ஆக்க முதலில் 100 மில்லி தண்ணீர் காற்றில் கலந்தாக வேண்டும். ஆனால் சந்து பொந்து வழியாக இரண்டு மூன்று மணிக்கொரு தரம் அறைக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் அரை லிட்டர் தேவை. டெல்லியில் ஹீட்டர் முன்னால் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பாயே, அதில் ஒரு ராத்திரிக்கு 50 மில்லி வற்றினாலே அதிகம். அதைவிடப் பெரிய குளியல் துண்டை நனைத்துப் பிழிந்து நாற்காலியில் விரித்துப் போடுவது எவ்வளவோ மேல், பரப்பு அதிகம். அப்பாவின் வேட்டியை அறைக்குள் காயப்போட்டாலும் சரிதான்.

ஹியூமிடிஃபையரும் இருக்கிறது. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவோம், மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகர் ஊற்றித் தேய்ப்போம். விட்டுவிட்டால் உள்ளே வழவழப்பாகப் பாசி கட்டி, அதையும் சேர்த்து மூச்சில் இழுக்க வேண்டிவரும். அதிகமாக ஓட்டினாலும் தப்பு. காலையில் ஜன்னல் கண்ணாடியின் அடியில் நீர் கோத்து வழிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், சட்டத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சாதாரண நாளில் ஈரப்பதம் 35 சதவீதம், வெளியே மைனஸ் 20க்குக் கீழே போனால் 25 போதும்.

ஆக, ரஜாய் இருந்த இடத்தில் பருத்தி நைட்டி, அப்பாவுக்கு மெல்லிய பனியன்கள், நான்கு ஜோடி காலுறை, தேங்காய் எண்ணெய் இரண்டு பாட்டில் வை. குளித்த ஈரம் காயுமுன் தடவினால் தோல் வெடிக்காது. இங்கேயும் அது உறைந்துதான் இருக்கும், வெந்நீரில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் நகலை அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிடு.

அன்புடன்,
மீனா