ஒற்றை முள் கடிகாரம்

அன்புள்ள மல்லிகா,

மூன்று மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொண்டிருப்பாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இந்தத் தடவை உனக்கு இரண்டாம் வகுப்பு என்றும், மணி பார்க்கச் சொல்லித்தர அட்டைக் கடிகாரம் செய்கிறாய் என்றும் ஜோதி சொன்னாள். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி.

போன வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். வட்ட அட்டை, இரண்டு முள், நடுவில் ஒரு பின். 'மூன்றரை வை' என்றால் பெரிய முள் 6-க்குப் போகும். சின்ன முள் 3-இன் மேலேயே நிற்கும். எந்தக் கடிகாரத்திலாவது அப்படி நிற்குமா? முட்கள் தனித்தனியாகச் சுற்றியதால், ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லையென்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. ஒருநாள் சுவர்க் கடிகாரத்தில் 3.55. ஒரு பையன் 'நாலு அம்பத்தஞ்சு' என்றான். சின்ன முள் 4-ஐ ஒட்டித்தானே நின்றது, கண்ணில் பட்டதைச் சொன்னான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதனால் இந்த வருஷம் முதல் நான்கு நாளும் சின்ன முள் மட்டும்தான். 3-க்கும் 4-க்கும் நடுவே வைத்து, 'மூணு தாண்டிடுச்சா? நாலு வந்துடுச்சா?' என்று கேட்பேன். சரிபாதியில் நின்றால் மூன்றரை. 4-ஐ நெருங்கி நின்றால், 'இன்னும் நாலு ஆகலை டீச்சர்!' என்று கத்துகிறார்கள். மூணேகால், மூன்றரை, மூணேமுக்கால் எல்லாவற்றிலும் தாண்டி வந்த மணிதான் முதலில் வருகிறது, கவனித்தாயா? வீட்டில் கேட்டுப் பழகிய அந்தப் பேச்சே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

ஐந்தாம் நாள் காகித நாடா. நீளம் 60 செ.மீ., ஒட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக விடு. ஒரு செ.மீ. ஒரு நிமிஷம். ஐந்தைந்தாக எண் எழுதி, வளைத்து ஒட்டினால் குறுக்களவு 19 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக வரும். அந்த அளவில் அட்டை வெட்டினால் நாடா விளிம்பைச் சுற்றி உட்காரும். 15 நிற்கிற இடத்தில் அட்டையில் 3. பெரிய முள் அங்கே வந்ததும் 'மூணு நிமிஷம்' என்பவர்களை, நாடாவில் விரல் வைத்து எண்ணச் சொல், தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

ஏழாம் நாள்தான் இரண்டு முள்ளும் சேரும், அதுவும் அட்டையில் இல்லை. பழைய சுவர்க் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்னாலுள்ள திருகை ஒரு பிள்ளை திருப்ப வேண்டும். மற்றவர்கள் சின்ன முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். பெரிய முள் ஒரு சுற்று முடிக்கும்போது, சின்னது அடுத்த எண்ணுக்கு நகர்ந்திருக்கும். பிறகு சின்ன முள் சரியாக 4-இலும் பெரிய முள் 6-இலும் நிற்கிற படத்தைக் காட்டி, 'இப்படி ஒரு மணி உண்டா?' என்று கேள். 'சின்னது பாதி தூரம் போயிருக்கணுமே' என்று ஒரு சிறுமி சொன்னாள். எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. பன்னிரண்டரையை இரண்டு பேர் ஒன்றரை என்றே சொல்கிறார்கள். 12-க்குப் பிறகு 1 வருவது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. உனக்கு ஏதாவது வழி தோன்றினால் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
சரோஜா