ஏடு எடுக்குற விஷயம்

கண்ணு,

பாலைக் காய்ச்சினா ஏடே வர மாட்டேங்குதும்மான்னு மெசேஜ் போட்டிருந்தே. மூணு வாரத்துல நீ கேட்ட ஒரே கேள்வி இதுதான், அதனால விவரமாவே எழுதறேன். பாக்கெட்ல ஹோமோஜினைஸ்டுன்னு போட்டிருக்கான்னு பாரு. அப்படின்னா கொழுப்பைப் பொடிசா உடைச்சிருப்பாங்க, அது மேல எழும்பாது, மெல்லிசா தோல் மட்டும்தான் கட்டும். அப்படிப் பண்ணாத ஃபுல் கிரீம் பால் கேட்டு வாங்கு. பொங்கினதும் சிம்ல அஞ்சு நிமிஷம் விடு, கிளறாதே. சூட்டோட மூடிடாதே, ஆவி தண்ணியா சொட்டி ஏட்டைக் கெடுத்துடும், ஓட்டைத் தட்டு போட்டு ஆற விடு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருந்தா காலைல கரண்டியால முழுசா தூக்கிரலாம்.

அரை லிட்டர்தான் வாங்குறேன்னு எழுதியிருக்கே. முன்னாடி ஒரு லிட்டர் இல்ல? ரெண்டு பேருக்கு அரை லிட்டர் எப்படிப் பத்துது? மாப்பிள்ளை காபியை விட்டுட்டாரா? சரி விடு.

ஃபுல் கிரீம்ல கொழுப்பு 6 சதவீதம், அரை லிட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம். அதுல பாதி ஏட்டோட வந்தாலே நல்லது, மீதி பால்லயே நின்னுடும். பத்து நாள் சேர்த்தா 150 கிராம் நெய் பக்கம் வரும், ஒருத்தருக்கு அது தாராளம். ரெண்டு பேருக்குன்னா பத்தாது.

ஏட்டை ஃப்ரீசர்ல வை, கீழ வெச்சா நாலஞ்சு நாள்ல கசப்பு தட்டும். கடையறதுக்கு முந்தின ராத்திரி வெளிய எடுத்து இளகினதும் ஒரு ஸ்பூன் தயிர் கலந்து வெச்சுடு. காலைல ஐஸ் தண்ணி ஊத்தி மிக்ஸில விட்டு விட்டு அடி, தண்ணி ஜில்லுன்னு இல்லேன்னா வெண்ணெய் திரளாம கொழகொழன்னு ஜார்ல ஒட்டிக்கும்.

கடை கிரீம் வேற, ஏடு வேற. கிரீம் மெஷின்ல சுத்திப் பிரிச்சது, வழவழன்னு இருக்கும். ஏட்டுல சூட்டுல உறைஞ்ச பால் புரதமும் இருக்கு, அப்படியே குருமால போட்டா திரிதிரியா நிக்கும், கொஞ்சம் பால் விட்டு அடிச்சு ஊத்து. நெய் உருக்கும்போது கசண்டு நிறைய வர்றதும் அதனாலதான். கசண்டு பொன்னிறமானதும் இறக்கிடு, அந்த நேரம் அடுப்பை விட்டு நகராதே.

போன தீபாவளிக்கு முந்தின நாள் நீ போன் பண்ணி, அம்மா ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சே. நெய் அடுப்புல இருக்கு, எதுவா இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லி வெச்சுட்டேன். என்னன்னே கேக்காம அட்ஜஸ்ட் பண்ணுன்னு சொன்னேன் பாரு. அன்னைக்கு நெய்யும் கருகிடுச்சு, உங்கப்பாவுக்குத் தெரியாம கொட்டினேன். அதுக்கப்புறமும் நான் கேக்கல, கேக்க பயமா இருந்துச்சு கண்ணு.

டப்பா நிறைஞ்சு நீ கடையற அன்னைக்கு போனை ஸ்பீக்கர்ல போட்டு வை. எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன், என் அடுப்புல ஒண்ணும் இருக்காது.

அம்மா