கடைப் பற்றை நான் தீர்த்த நாள்

குலசேகரம் பக்கத்து எங்கள் ஊர் டீக்கடை அண்ணாச்சிக்கும், அவர் மூலம் என் கூட நின்றவர்களுக்கும்,

நான் ரப்பர் பால்வெட்டுகிறவன். போன ஆனி, ஆடி மழையில் வெட்டு நின்றுபோனது. குழுக்கடன் தவணை மட்டும் வாரம் தவறாமல் வந்தது. அப்போதெல்லாம் நீங்கள் "என்ன மக்கா, சொகமா?" என்று கேட்டால், "பரம சொகம் அண்ணாச்சி" என்று சிரிப்பேன். எப்போதும் மழையையும் பால் விலையையும் திட்டுகிறவன் திடீரென்று எதையும் திட்டாமல் இருந்ததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். யாரிடமோ வாங்கி, பல மாதப் பற்றை ஒரே நாளில் தீர்த்ததையும்தான்.

கடையில் பெஞ்சு நிறைய ஆள் இருந்தபோது "ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டீர்கள். நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன். நீங்கள் அதோடு விட்டுவிட்டீர்கள். அன்று சாயங்காலமே கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். "கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம், வா" என்று கூப்பிட்டீர்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

"பற்றைத் தீர்த்துட்ட. வெட்டுக்கத்திய பக்கத்து வீட்டுப் பையனுக்கு நீ குடுத்துட்டன்னு கேள்விப்பட்டேன். சொகமா இருக்கவன் கத்தியக் குடுப்பானா?" என்றீர்கள். அப்புறம் பேசவே இல்லை. ஓடைப் பாலம் வரை அந்த மௌனம். என்னால்தான் தாங்க முடியவில்லை, கடனைச் சொன்னேன். "எல்லாம் சரியாப் போவும்" என்று நீங்கள் சொல்லவில்லை. "சாவணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டீர்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது ஏற்கனவே இருந்தது. கேட்டபோது பாதிச் சுமை இறங்கியது.

"இத ரெண்டு பேருக்குள்ள வச்சிக்க முடியாது, வீட்ல யார்ட்ட சொல்லட்டும்?" என்று என்னிடமே கேட்டு, என் மனைவியின் அக்காவிடம் சொன்னீர்கள். அக்கா, அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் விழித்தே இருந்தீர்கள். என் கையில் ஆபத்தாகப்பட்ட சாமான்களையெல்லாம் எடுத்து உங்கள் வீட்டில் பூட்டிவைத்தீர்கள். 14416-ஐக் கூப்பிட்டதும் நீங்கள்தான். அரசு நடத்தும் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மறுநாள் காலை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு மூவரும் போனோம். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொன்னதால்தான் முதல் வாரத்திலேயே நிறுத்தாமல் இருந்தேன். அவருக்கும் நன்றி.

கடன் அப்படியே இருக்கிறது. பையன் கத்தியைத் தீட்டித் திருப்பித் தந்துவிட்டான். இப்போது நீங்கள் கேட்டால் "அரைச் சொகம்" என்கிறேன், மழையைத் திட்டுகிறேன். கடைப் பற்றும் மறுபடி ஏறுகிறது அண்ணாச்சி, நேற்றோடு 140 ரூபாய். இப்போதைக்குத் தீர்க்கிறதாக இல்லை.