'போதை தெளியட்டும்' என்று விடும் முன்: இரவுப் பணிக் காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரோந்து போகிறவர்களுக்கும், ஸ்டேஷனில் பாரா பார்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர். டாஸ்மாக் பக்கம் விழுந்து கிடந்தவர், பைக்கோடு சரிந்தவர், பாரில் கைகலப்பில் அடிபட்டவர் எனப் பலரையும் எங்களிடம் கொண்டு வருவது நீங்கள்தான். ஆம்புலன்ஸுக்கும் முன்னால் பல இடங்களில் நீங்கள்தான் போய் நிற்கிறீர்கள். அதனால் குடித்தவரின் தலையில் அடிபட்டால் என்ன நடக்கிறது, அது ஏன் நம் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்புகிறது என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய சுமைத் தொழிலாளி. இரவு ஒன்பதரை வாக்கில் பார் வாசல் படியில் வழுக்கி விழுந்து, வலது பொட்டில் அடி. ஓரிரு நிமிடம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், தூக்கிவிட்டவர்களைத் திட்டவும் செய்தார். ரத்தம் அதிகம் இல்லை. ரோந்து வண்டி அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் பெஞ்சில் படுக்க வைத்தது. பதினொன்றரைக்கு இரண்டு முறை வாந்தி. பன்னிரண்டு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஒரு மணிக்குப் பெரிய குறட்டை. சரி, நன்றாகத் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. எங்களிடம் வந்து சேரும்போது வலது கண்பாப்பா விரிந்து, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. மார்பெலும்பை அழுத்தினால் வலது கை மட்டும் அசைந்தது.

சி.டி. ஸ்கேனில் வலது பக்கம் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே பெரிய ரத்தக்கட்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, அறுவை செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். இடது கையும் காலும் முன்போல் இல்லை. மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்கு அது என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்ததை மணிக்கணக்கோடு திரும்பப் பாருங்கள். பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதை ஒட்டி உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாய் கிழியும். முதல் அடியின் அதிர்ச்சியில் நினைவு போய், உடனே திரும்பியும் விடும். ஆள் எழுந்து பேசுவார். உள்ளே கசிவு மட்டும் நிற்காது. மண்டையோடு விரிந்து கொடுக்காது, அதனால் சேரும் ரத்தம் மூளையைத்தான் நசுக்கும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு நினைவிழப்பு, கடைசியில் கண்பாப்பா விரிவது என்று வரிசையாக இறங்கும். 'நல்லாத்தானே பேசிட்டிருந்தார்' என்று நாம் சொல்லும் அந்த இடைவெளி சில நிமிடங்களாக இருக்கலாம், சில மணி நேரமாகவும் இருக்கலாம். அவரைக் காப்பாற்றக்கூடிய நேரம் அதுதான்.

குடிக்காதவருக்கு இது நடந்தால் வீட்டார் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். குடித்தவருக்கு நடந்தால் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு பதில் கைவசம் இருக்கிறது. நாக்குக் குழறுகிறதா, போதை. தள்ளாடுகிறாரா, போதை. வாந்தியா, அதுவும் போதை. கத்திக் கலாட்டா செய்தாலும், திடீரென்று அடங்கிப் படுத்தாலும் அதே பதில்தான். சாராய வாடை அடித்ததுமே நம் கேள்விகள் நின்றுவிடுகின்றன. உங்களை மட்டும் சொல்லவில்லை. 'மது வாடை உள்ளது' என்று சீட்டில் எழுதிவிட்டு ஓரமாகப் படுக்க வைக்கும் பழக்கம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் தலைக்காய வழிகாட்டு நெறிகள், மூளையில் அடி இல்லை என்று உறுதியாகும்வரை நினைவு மங்கியதற்குப் போதைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள் என்று மருத்துவர்களுக்கே சொல்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. வருடக்கணக்கில் குடிப்பவருக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூளையிலிருந்து உறைக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்ட நிலையில் இருக்கும், லேசான அடியிலும் அறுந்துபோகும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் எளிதில் உறையாது, தட்டணுக்களும் குறைந்திருக்கும். தினமும் குடித்துவிட்டு விழுந்து எழும் ஆளை 'இவருக்கு இது வழக்கம்தான்' என்று விடுகிறோம். உள்ளே ரத்தம் கசிய மற்றவர்களைவிட அதிக வாய்ப்புள்ளவர் அவர்தான்.

அப்படியானால் போதையையும் மூளைக் கசிவையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு பார்வையில் முடியாது, எங்களாலும் முடியாது. நேரம் போகப் போகத்தான் தெரியும். போதை என்றால் மணிக்கு மணி தெளிய வேண்டும். கசிவு என்றால் மணிக்கு மணி மோசமாகும். கடைசி கிளாஸ் இறங்கிய பிறகு அரை மணி, ஒரு மணி நேரம் போதை ஏறவும் செய்யலாம் என்பது உண்மைதான். அதற்குப் பிறகும் ஆள் மங்கிக்கொண்டே போனால் போதையைக் காரணம் சொல்ல இடமில்லை.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு அதை எரித்து முடிக்கச் சராசரியாக ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். 'காலையில் தெளிந்துவிடும்' என்பது அதனால்தான் நியாயமாகத் தோன்றுகிறது. ரத்தக்கட்டு ஆளை முடிக்க அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. ஊதும் கருவி காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு. தலைக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. எண் குறைவாக இருந்தும் ஆள் மயங்கிக் கிடந்தால் உடனே பதறுங்கள். எண் அதிகமாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைக்கான நடத்தை விதிகளில் போதையில் காவலில் இருப்பவரை எப்படிக் கவனிப்பது என்று ஒரு முறை எழுதியிருக்கிறார்கள். நம் ஸ்டேஷன்களிலும் அப்படியே செய்யலாம். அரை மணிக்கு ஒருமுறை அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், லேசாக உலுக்கி எழுப்ப வேண்டும். உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய், இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கண்ணைத் திற, ஒரு கையைத் தூக்கு, இன்னொரு கையைத் தூக்கு என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கம்பிக்கு வெளியே நின்று குறட்டைச் சத்தம் கேட்பது பரிசோதனை ஆகாது. புதிதாகப் பெரிய குறட்டை வந்தால், நாக்கு பின்னால் விழுந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். போன தடவை தெளிவாக முகவரி சொன்னவர் இந்தத் தடவை முனகினால் அந்தத் தாளே உங்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் இந்தக் கவனிப்பு தலையில் அடிபடாத ஆளுக்குத்தான். அடிபட்டது தெரிந்தால், அல்லது விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லாமல் நெற்றியில், பின்மண்டையில், காதோரம் வீக்கமோ காயமோ இருந்தால், ஸ்டேஷனில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எழுப்பினால் எழாமல் இருப்பது, ஒரு முறைக்கு மேல் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் துவளுவது, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வருவது, கண்ணைச் சுற்றிக் கறுப்பது, ஒரு கண்பாப்பா மட்டும் பெரிதாக இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். கண்பாப்பா விரியும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள், அது ரொம்பப் பிந்தி வரும் அறிகுறி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள்.

வண்டி வரும்வரை மல்லாக்கப் போடாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்திலும் அடி இருக்கலாம் என்பதால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். தலையில் தண்ணீர் ஊற்றினால் போதை இறங்காது. வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள், சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

எங்களிடம் ஒப்படைக்கும்போது 'குடிபோதை கேஸ்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எந்த உயரத்திலிருந்து, விழுந்ததும் நினைவு போனதா, நடுவில் தெளிவாகப் பேசினாரா, எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்று சொல்லுங்கள். எங்கள் சோதனைகளில் கிடைக்காத தகவல் இது. ஏ.ஆர். எழுதும் மருத்துவர் போதைச் சான்று மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தால், 'சார், தலையில் அடி இருக்கு, சர்க்கரை பார்த்தீங்களா, சி.டி. வேண்டாமா' என்று கேளுங்கள். சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதும் உண்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சிடுசிடுப்பார்கள் என்று யோசிக்க வேண்டாம். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினாலும், கூட்டிப் போக வருகிறவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் முழுக்க அவரைத் தனியாக விடக்கூடாது, திரும்பவும் குடிக்க விடக்கூடாது. அப்புறம், அடுத்த சில வாரங்களில் விடாத தலைவலி, மறதி, நடையில் தடுமாற்றம், ஆளே மந்தமாகிப் போவது என்று எது வந்தாலும், அன்று விழுந்ததைச் சொல்லி மறுபடியும் காட்ட வேண்டும். மெதுவாகக் கசியும் ரத்தம் அவ்வளவு நாள் கழித்தும் வெளிப்படும். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அதை வடித்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது, ஆனால் குடும்பத்தார் அதையும் குடியின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.