தேவாலயம் மட்டுமா தீர்ப்பளித்தது? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் மற்றும் விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரியில் உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் நான். நீங்கள் அண்மையில் நடத்திய தேர்வில் உதுமானியப் பேரரசைப் பற்றி இடம்பெற்ற ஒரு வினாவையும், அதற்கு நீங்கள் வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பையும் பற்றியே இந்த மடல். எந்த வினா என்பது உங்களுக்குத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் உதுமானிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவர் ஒருவர் இறந்தால், அவருடைய சொத்துப் பங்கீட்டு வழக்கை விசாரித்தது எது என்று கேட்டிருந்தீர்கள். ‘தேவாலய நீதிமன்றம் மட்டும்’ என்பது உங்கள் விடை. ‘வழக்காடுவோரின் விருப்பப்படி தேவாலயமோ காஜி நீதிமன்றமோ’ என்ற விடையைத் தேர்ந்தவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

என் மாணவி ஒருவர் அந்த விடையைத்தான் தேர்ந்தார். ஆட்சேபத்துக்கான கட்டணத்தைச் செலுத்தி, ஆய்வு நூல் ஒன்றின் தொடர்புடைய பக்கங்களையும் இணைத்து அனுப்பினார். ‘விடைக்குறிப்பில் மாற்றம் இல்லை’ என்ற ஒரே வரிதான் அவருக்குப் பதிலாக வந்தது. எந்தச் சான்றை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணால் அவர் அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தார். சரியாகப் படித்ததே ஒருவருக்குக் கேடாக முடிந்திருக்கிறது என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று. அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

உங்கள் விடை எந்தச் சித்திரத்திலிருந்து வந்தது என்பதை அறிவேன். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மெத், மறு ஆண்டு தொடக்கத்தில் கென்னாடியோஸ் என்ற துறவியை கிரேக்கத் திருச்சபையின் பேட்ரியார்க்காக, அதாவது தலைமை ஆயராக, அமர்த்தினார். அன்றே கிறித்தவர்களின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை அனைத்தும் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டன என்றும், ஆர்மீனியர்களுக்கும் யூதர்களுக்கும் அதே ஏற்பாடு செய்யப்பட்டது என்றும், ‘மில்லத் முறை’ என்ற இந்த அமைப்பு பேரரசு மறையும் வரை மாறாமல் நீடித்தது என்றும் பாடநூல்கள் சொல்லி வந்திருக்கின்றன. கென்னாடியோஸ் அமர்த்தப்பட்டது உண்மை. ஆனால் அப்போது அவருக்கு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் உரிமை ஆவணம் எவர் கையிலும் இல்லை. யூதர்களுக்கு அரசே அங்கீகரித்த தலைமை ரபி ஒருவர் முறைப்படி அமர்த்தப்பட்டது 1835இல்தான். ஒரே நாளில் வகுத்து மூன்று சமூகங்களுக்கும் பொருத்திய சட்டத் திட்டம் எதுவும் இருக்கவில்லை என்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

உண்மையில் இருந்தது என்ன? பேட்ரியார்க்காகவோ ஆயராகவோ பதவியேற்பவர் சுல்தானின் கருவூலத்துக்குக் காணிக்கைத் தொகை செலுத்தி, ‘பெராத்’ என்ற நியமன ஆணையைப் பெற்றார். தன் சபையாரிடம் திருச்சபை வரிகளைத் திரட்டவும், குருமார்களைக் கண்டிக்கவும், திருமண, மணமுறிவு விவகாரங்களில் உள்ளூர் அதிகாரிகள் தலையிடுவதைத் தடுக்கவும் அந்த ஆணை அவருக்கு இடம் கொடுத்தது. ஒரு சபையார் காஜியிடம் போவதைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் அரசு அமர்த்திய காஜி இருந்தார், அவருடைய மன்றம் எந்த மதத்தவருக்கும் திறந்திருந்தது, தரப்பினரில் ஒருவர் அங்கே போய் வழக்குத் தொடுத்தாலே அவர் மற்றவரை அழைத்து விசாரித்தார். கைசேரி நகரத்தின் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் காலப் பதிவேடுகளில் ஆர்மீனியரும் கிரேக்கரும் தங்களுக்குள் நடந்த வழக்குகளோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள். எருசலேமின் 16ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் யூதர்களும் அப்படியே வருகிறார்கள். தங்கள் மார்க்கத்தாரின் வழக்கை வெளியார் மன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரபிகளும், மீறினால் சபை விலக்கு என்று ஆயர்களும் எச்சரித்து வந்தார்கள். எவரும் போகவில்லை என்றால் அந்த எச்சரிக்கைக்குத் தேவை என்ன?

நீங்கள் கேட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். கைசேரியில் ஒரு கிரேக்கக் கிறித்தவர் இறக்கிறார், அவருக்கு மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள்கள் இருவருக்கும் திருமணத்தின்போது சிறு சீதனம் கொடுத்தாயிற்று. திருச்சபை பின்பற்றிய பைசாந்தியச் சட்ட மரபில் மகனும் மகளும் கொள்கையளவில் சமம்தான். ஆனால் சீதனம் பெற்றுக்கொண்ட மகளுக்கு மேற்கொண்டு பங்கு இல்லை என்ற வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருந்தது, ஊர்ப் பெரியவர்களும் குருவும் சேர்ந்து முடிவு செய்யும்போது அந்த வழக்கம்தான் நின்றது. அதே மகள் காஜியிடம் போனால் கணக்கு வேறு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பங்கு. சொத்தை 32 கூறாகப் பிரித்தால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. திருமணத்தின்போது வாங்கிய சீதனத்தைக் காட்டி அவளுடைய பங்கை மறுக்க முடியாது.

அந்த மகள் எந்த வாசலுக்குப் போவாள்? அவளுடைய அண்ணன் எந்த வாசலுக்குப் போக விரும்புவான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வெவ்வேறாக இருந்ததுதான் அந்தச் சமூகங்களின் அன்றாட வாழ்க்கை. அதைக் கற்ற மாணவிக்குத்தான் நீங்கள் பூச்சியம் அளித்திருக்கிறீர்கள்.

மணமுறிவிலும் இதே நிலைமைதான். கிரேக்கத் திருச்சபை மூன்றாவது திருமணத்தையே தயக்கத்தோடு அனுமதித்தது, நான்காவதை அறவே மறுத்தது. மணமுறிவுக்கு அது ஏற்ற காரணங்களும் குறைவு. அந்த வழி அடைபட்டவர்கள் காஜியிடம் வந்தார்கள். சிலர் இன்னும் பெரிய விலை கொடுத்தார்கள். கிறித்தவ மனைவி இஸ்லாத்தைத் தழுவினால், காஜி கணவனை அழைத்து அவனும் தழுவுகிறானா என்று கேட்பார். அவன் மறுத்தால் அந்தத் திருமணம் முறிக்கப்பட்டது. கொடுமையான திருமணத்திலிருந்து வெளியேற அதுவே எஞ்சிய வழியாக இருந்த பெண்கள் உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் கிறித்தவத் தந்தையின் சொத்தில் பங்கு கேட்க முடியாது. முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசாக முடியாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. அந்தப் பெண் எடுத்த முடிவின் எடை இவ்வளவு. உங்கள் வினாத்தாளில் அவளுக்கு இடமே இல்லை.

காஜியின் மன்றம் எல்லாரையும் சமமாக நடத்தியது என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். கிறித்தவர் கிறித்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லலாம், முஸ்லிமுக்கு எதிராகச் சொன்னால் அது ஏற்கப்படாது. ஒரு முஸ்லிமுக்குக் கடன் கொடுத்த ஆர்மீனிய வணிகர், பின்னாளில் அவர் மறுத்தால், தன் ஊர்க்காரர் பத்துப் பேரை அழைத்து வந்தும் பயனில்லை. அதனால்தான் அவர் கடன் கொடுக்கும்போதே காஜியின் முன் சென்று, முஸ்லிம் சாட்சிகளின் பெயர்களோடு அதைப் பதிவேட்டில் ஏற்றி, ‘ஹுஜ்ஜத்’ என்ற முத்திரையிட்ட சான்றைக் கையில் வாங்கிக்கொண்டார். வீட்டை விற்றவரும் வாங்கியவரும் கிறித்தவராகவே இருந்தாலும் விற்பனையை அங்கே பதிவு செய்தார்கள். பதிவேடுகளில் காணும் பெயர்களில் பல சண்டைக்காக வந்தவை அல்ல, பின்னால் சண்டை வராமல் தடுக்க வந்தவை. சமமின்மையே மக்களை அந்த மன்றத்துக்கு அழைத்து வந்தது என்ற இந்த நுட்பம் ‘ஒவ்வொருவருக்கும் அவரவர் சட்டம்’ என்ற ஒற்றை வரியில் காணாமற்போகிறது.

அப்படியானால் அந்த ஒற்றை வரி எங்கிருந்து வந்தது? 1856ஆம் ஆண்டின் சீர்திருத்த ஆணை முஸ்லிம் அல்லாத சமூகங்கள் தங்கள் நிர்வாகத்தைச் சீரமைக்க வேண்டும் என்று கோரியது. அதன்படி 1860களின் முதற்பாதியில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் ஆகியோருக்கு எழுத்துவடிவ ஒழுங்குவிதிகள் உருவாயின; 1863இல் ஆர்மீனியர்களுக்கு அமைந்தது அவற்றில் மிகவும் அறியப்பட்டது. எழுதிய விதிகள் வந்த பிறகு, அரசு பொது நீதிமன்றங்களை விரிவாக்கத் தொடங்கியபோது, திருச்சபை தன் அதிகாரங்கள் அனைத்தும் 1453 முதலே வழங்கப்பட்டவை என்று வாதிட்டது. வாரிசுரிமை, உயில் வழக்குகளும் அந்தத் தகராறில் அடங்கும். 1890இல் தேவாலயங்களை மூடி எதிர்ப்புக் காட்டும் அளவுக்கு அது முற்றியது. 19ஆம் நூற்றாண்டின் ஒரு தரப்பு வாதத்தை 17ஆம் நூற்றாண்டின் நடைமுறையாக எடுத்துக்கொண்டதே உங்கள் விடையின் பிழை. உங்கள் வினா 1870ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தால் நாம் வேறு விதமாக விவாதித்திருக்கலாம். 17ஆம் நூற்றாண்டு என்று நீங்களே குறிப்பிட்டுவிட்டீர்கள்.

பெரிய பேரரசுகளின் ஆட்சியை நான்கு தெரிவுகளுக்குள் அடக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கில் ஒன்றைக் குறிக்கும் வினாவில் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்க்கும்போது, விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை என்று வினா எழுதியவர் உறுதியாக அறிந்திருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை எழுதுவதும், பிறகு ஆட்சேபத்தைக் காரணம் சொல்லாமல் தள்ளுவதும், ஆழமாகப் படிக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்வதாகும். வகுப்பில் பதிவேட்டுச் சான்றுகளைக் காட்டிக் கற்பித்துவிட்டு, ‘தேர்வில் மட்டும் வேறு மாதிரி எழுதுங்கள்’ என்று சொல்லும் நிலைக்கு எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தள்ளப்படுவதை எந்த மரியாதைச் சொல்லாலும் மறைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் வேலையின் சுமையையும், குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கான வினாக்களைச் சரிபார்க்க வேண்டியிருப்பதையும் நான் அறியாதவன் அல்லன். ஆகவே பணிவோடு கேட்கிறேன். அந்த வினாவுக்கு ‘வழக்காடுவோரின் விருப்பப்படி’ என்ற விடையைச் சரியானதாக அறிவித்து, அதைத் தேர்ந்த அனைவருக்கும் மதிப்பெண் வழங்குங்கள். அது இயலாது என்றால், காஜி பதிவேடுகளில் உள்ள கிறித்தவர்களின் வாரிசுரிமை வழக்குகளை எந்த அடிப்படையில் ஒதுக்கினீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். விடைக்குறிப்பு திருத்தப்பட்டு மதிப்பெண் பட்டியல் மறுபடி வெளிவரும் வரை அடுத்த கட்டத் தேர்வுக்கான அழைப்புகளை நிறுத்திவைக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர்